மூன்றரை எம்.எல். குறைவா, கூடுதலா?

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது. காய்ச்சலுக்குப் பொள்ளாச்சியில் காட்டினோம். பாரசிட்டமால் சிரப் மூன்றரை எம்.எல்., தேவைப்பட்டால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று டாக்டர் எழுதினார். நான் வேலைக்குப் போனால் அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். “உனக்கெல்லாம் ஒரு ஸ்பூன் ஊத்துனாத்தான் காச்சல் விட்டுது, இதென்ன நாக்கை நனைக்கவா?” என்கிறார். நான் இல்லாதபோது ஸ்பூன் நிறைய ஊற்றிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அவருக்கு எப்படிச் சொல்வது? ராத்திரி தூங்குகிற பிள்ளையை எழுப்பிக் கொடுக்க வேண்டுமா?
— ஒரு வாசகி, வேலந்தாவளம்

பதில்:

உங்கள் அம்மா சொல்வது பொய்யில்லைங்க. அவர் காலத்தில் ஒரு ஸ்பூன் கொடுத்தது சரிதான். இன்றைக்கு உங்கள் டாக்டர் எழுதிய மூன்றரை எம்.எல்லும் சரிதான். சொல்லப்போனால் உங்களுக்கு அன்று சரியாக ஐந்து எம்.எல். கிடைத்திருந்தால், அதைவிட உங்கள் மகனுக்கு இன்று எழுதியிருப்பது கூடுதல் மருந்தாகவே இருக்கும். இதை நேராகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கொழிஞ்சாம்பாறையில் என் மருந்துக்கடைக்கு வந்த ஓர் அம்மிச்சியும் நம்பவில்லை. அவரிடம் பேசியதை அப்படியே எழுதுகிறேன், உங்கள் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

அவர் வண்ணாமடைப் பக்கத்துக்காரர். இடுப்பில் பேரன், கையில் மஞ்சப்பை. மகள் கோயமுத்தூரில் வேலை, பிள்ளை இவரிடம் வளர்கிறான். பையிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று முந்தின நாள் பொள்ளாச்சியில் வாங்கியது. இன்னொன்று போன தடவை காய்ச்சல் வந்தபோது மருமகன் இந்தப் பக்கம் எங்கோ வாங்கியது, கால் பாட்டில் மிச்சம் இருந்தது. இரண்டும் பாரசிட்டமால், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஆரஞ்சு நிறம்.

“அம்மிணி, இந்த மூடியில ரெண்டரைக்குக் கோடு இருக்குது, அஞ்சுக்குக் கோடு இருக்குது. மூன்றரைக்கு எங்க போறது?” என்று ஆரம்பித்தார். நியாயமான கேள்வி. எழுதுகிற டாக்டருக்கு அந்த மூடி கண்ணில் படுவதில்லை.

“நேத்து ராத்திரி எப்படிக் கொடுத்தீங்க அம்மிச்சி?”

கொஞ்சம் தயங்கினார். “பத்து மணிக்கு ஒரு ஸ்பூன் ஊத்துனேன். எம் புள்ளைகளுக்கும் அப்படித்தான் ஊத்துனேன். ஒண்ணும் ஆகலையே.”

“எந்த பாட்டில்ல இருந்து?”

புதிய பாட்டிலைக் காட்டினார். ஸ்பூனும் பையிலேயே இருந்தது, பையனின் சோற்று டப்பாவுக்குள். நல்ல கனமான எவர்சில்வர் ஸ்பூன்.

ஊசி இல்லாத பத்து எம்.எல். சிரிஞ்ச் ஒன்றை எடுத்து, அந்த ஸ்பூனில் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி, பிறகு அதை உறிஞ்சிக் காட்டினேன். சிரிஞ்சில் தண்ணீர் எட்டு எம்.எல். கோட்டில் நின்றது. மருந்துக் கணக்கில் ‘ஒரு டீஸ்பூன்’ என்றால் ஐந்து எம்.எல். வீட்டு ஸ்பூனுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. டீ கலக்குகிற ஸ்பூனில் மூன்றுதான் பிடிக்கும், சோறு ஊட்டுகிற ஸ்பூனில் எட்டோ பத்தோ பிடிக்கும். இதைப் பார்த்தும் அவர் அசரவில்லை. “அப்பவும் இதே மாதிரி ஸ்பூன்தான்” என்றார்.

அப்புறம்தான் பாட்டிலுக்கு வந்தேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, ஆனால் பஸ் நம்பர் பார்ப்பார், ரேஷன் கார்டு பார்ப்பார். லேபிளில் இருக்கும் எண்களை மட்டும் படிக்கச் சொன்னேன். பழைய பாட்டிலில் ஐந்து எம்.எல்லுக்கு 125 என்று இருந்தது. புதியதில் ஐந்து எம்.எல்லுக்கு 250. மில்லிகிராமில் சொல்லும் மருந்தின் அளவு அது. பாட்டிலில் மிச்சமெல்லாம் சர்க்கரை, தண்ணீர், நிறம், வாசனை. நாக்குக்குத் தெரிவது அதுதான். காய்ச்சலைக் குறைப்பது அந்த எண்ணில் இருக்கும் மருந்து.

அவர் இரண்டு பாட்டில்களையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப இது கெட்டி டிக்காசன், அது தண்ணி டிக்காசன்” என்றார். இதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது.

அவர் பிள்ளை வளர்த்த காலத்தில் அவருக்குக் கிடைத்தது அந்த 125 பாட்டில்தான். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஐந்து எம்.எல். என்றால் 125 மில்லிகிராம். ஸ்பூன் பெரிதாகி எட்டு எம்.எல்லே போயிருந்தாலும் 200 மில்லிகிராம். கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் பிள்ளை தாங்கிக்கொள்ளும். மருந்து இளசாக இருந்ததால் ஸ்பூன் செய்த தப்பு வெளியே தெரியவில்லை. 250 பாட்டிலில் அதே ஸ்பூனை முக்கினால் 400 மில்லிகிராம் போய்விடும்.

பையனை எடை மெஷினில் நிறுத்தப் பார்த்தோம். நிற்க மாட்டேன் என்று அழுதான். அம்மிச்சியை அவனோடு சேர்த்து நிறுத்தி, பிறகு அவரைத் தனியாக நிறுத்திக் கழித்ததில் பதினொன்றரை கிலோ வந்தது. வீட்டிலும் இப்படியே எடை பார்க்கலாம். இனி டாக்டர் போடும் கணக்கு. குழந்தைக்குப் பாரசிட்டமால் ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். பதினொன்றரைக் கிலோவை 15-ஆல் பெருக்கினால் சுமார் 172 மில்லிகிராம். 250 பாட்டிலில் ஒரு எம்.எல்லுக்கு 50 மில்லிகிராம். 172-ஐ 50-ஆல் வகுத்தால் மூன்றரைக்கு ஒரு துளி குறைவு. அந்த விசித்திரமான மூன்றரை வந்தது இப்படித்தான். அளவில் அம்மிச்சியின் ஸ்பூனில் பாதிக்கும் கீழே இருக்கிறது, ஆனால் உள்ளே இருக்கும் மருந்து 175 மில்லிகிராம். அம்மிச்சியின் மகளுக்கு அன்று சரியாக ஐந்து எம்.எல். போயிருந்தால் கிடைத்தது 125.

“அப்படின்னா டாக்டர் கொறைக்கலையா?”

“இல்லீங்க, கூட்டித்தான் எழுதியிருக்கார்.”

ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு பையிலிருந்து மடித்த பழைய சீட்டு ஒன்றை எடுத்தார். “அப்ப போன தடவை ரெண்டரைன்னு எழுதிட்டு, இப்ப எதுக்கு மூன்றரை? ஒரே டாக்டர்தானே?” சீட்டில் அன்றைய எடை எழுதியிருந்தது, ஒன்பது கிலோ. ஒன்பது கிலோவுக்கு அதே 250 மருந்தில் இரண்டரை எம்.எல்லே போதும். பிள்ளை வளர்ந்திருக்கிறான், அளவும் வளர்ந்திருக்கிறது. பழைய சீட்டை வைத்துப் புதுக் காய்ச்சலுக்கு ஊற்றக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். அந்தச் சீட்டு அன்றைய எடைக்கு எழுதியது.

எங்கள் பாடப் புத்தகத்தில் யங் என்பவர் பெயரில் ஒரு பழைய சூத்திரம் உண்டு. குழந்தையின் வயதை, வயதோடு 12 கூட்டிய எண்ணால் வகுத்து, பெரியவர் அளவால் பெருக்க வேண்டும். இரண்டு வயதுக்கு இரண்டு கீழ் பதினான்கு, அதாவது ஏழில் ஒரு பங்கு. 500 மில்லிகிராம் மாத்திரையில் ஏழில் ஒரு பங்கு என்றால் சுமார் 71 மில்லிகிராம். பதினொன்றரைக் கிலோ பிள்ளைக்கு அது எந்த மூலைக்கு? இரண்டு வயது என்றால் ஒரு பிள்ளை ஒன்பது கிலோ இருக்கும், இன்னொன்று பதினான்கு இருக்கும். வயதை மட்டும் கேட்டு மருந்து கொடுக்கிற கடை இன்னும் இருக்கிறது. எடை எவ்வளவு என்று கேட்காத கடையில், நீங்களாகவே எடையைச் சொல்லிவிடுங்கள்.

அம்மிச்சி நேற்று ஊற்றிய ஸ்பூன் என் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. 400 மில்லிகிராம் என்றால் கிலோவுக்கு 35 மில்லிகிராம் போல. சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு டாக்டரிடமே கேட்டேன். ஒரே ஒரு தடவை இந்த அளவு போனது விஷம் அல்ல, பன்னிரண்டு மணி நேரமும் ஆகிவிட்டது, அடுத்த வேளையிலிருந்து எழுதிய அளவில் கொடுக்கட்டும் என்றார். அம்மிச்சி முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

ஆனால் அந்த ஸ்பூனே மூன்று நாள் தொடர்ந்திருந்தால் நிலைமை வேறு. ஒரு நாளைக்கு நான்கு தடவை என்றால் 1600 மில்லிகிராம். இந்தப் பையனுக்கு ஒரு நாளைக்குச் சாதாரணமாகப் போகலாம் என்பது கிலோவுக்கு 60 வீதம் 690. இரண்டு மடங்குக்கும் மேல்.

கூடினால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார், சொன்னேன். பாரசிட்டமாலைப் பெரும்பாலும் கல்லீரல் கையாண்டு சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. அதில் ஒரு சிறு பங்கு மட்டும் விஷத்தன்மையுள்ள பொருளாக மாறும். கல்லீரலில் இருக்கும் குளுட்டாதயோன் என்ற பொருள் அதைப் பிடித்துச் செயலிழக்க வைக்கும். மருந்து எல்லை மீறினால் விஷப் பங்கு கூடும், குளுட்டாதயோன் தீரும், கல்லீரல் செல்கள் சாக ஆரம்பிக்கும். காய்ச்சலில் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாத குழந்தைக்கு அந்த இருப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும். மோசம் என்னவென்றால் முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. கொஞ்சம் வாந்தி, சோர்வு, சாப்பிட மறுப்பது, அவ்வளவுதான். காய்ச்சலில் படுத்த பிள்ளை எப்படியும் அப்படித்தானே இருக்கும்? கண் மஞ்சளாவதும் வயிற்றின் வலப்பக்கம் வலிப்பதும் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். மாற்று மருந்து இருக்கிறது, எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். அதனால் அளவு கூடிவிட்டது என்று சந்தேகம் வந்தால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மருமகள் திட்டுவாள், மகள் கோபப்படுவாள் என்று பயந்து மறைப்பவர்கள் உண்டு. வீட்டில் இருப்பவர்கள் அந்தப் பயத்தை முதலில் எடுத்துவிடுங்கள்.

“சரி, மூன்றரை கொடுத்தும் காச்சல் விடலைன்னா?” என்றார் அம்மிச்சி. ஊற்றும் அளவைக் கூட்டத் தூண்டுவது பெரும்பாலும் இந்தக் கேள்விதான். மருந்து வேலையைத் தொடங்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும், முழுதாகப் பிடிக்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அது காய்ச்சலை ஒரேயடியாக இறக்காது, ஒன்றிரண்டு டிகிரி குறைக்கும். 104 இருந்தது 102 ஆனால் மருந்து வேலை செய்துவிட்டது என்று அர்த்தம். நெற்றியைத் தொட்டால் இரண்டும் ஒரே மாதிரி சுடும், அதனால் ‘விடலை’ என்று தோன்றும். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள், கை சொல்லும் கணக்கு நம்பத்தக்கதல்ல. அளவைக் கூட்டினால் காய்ச்சல் அதிகம் இறங்காது, கல்லீரலுக்குத்தான் பாரம். பிள்ளை விளையாடுகிறானா, பால் குடிக்கிறானா, ஒன்றுக்குப் போகிறானா என்பதைப் பாருங்கள். தெர்மாமீட்டர் எண்ணைவிட அது முக்கியம்.

இனி எங்கள் எல்லைப் பக்கத்துக்கே உரிய ஒரு தொல்லை. இங்கே டாக்டர் ஒரு மாநிலத்தில், மருந்துக்கடை இன்னொரு மாநிலத்தில். காலையில் கோபாலபுரம் தாண்டிப் போய்க் காட்டுவோம், திரும்பி வந்து நம் ஊர்க் கடையில் வாங்குவோம். டாக்டர் எழுதிய கம்பெனி இங்கே இருக்காது, “அதே மருந்துதான், வேற கம்பெனி” என்று கொடுத்துவிடுவார்கள். மருந்து அதேதான், ஆனால் 250-க்குப் பதில் 125 கையில் வந்தால் மூன்றரை எம்.எல். என்பது பாதி அளவாகிவிடும். 125 பாட்டிலில் அது 87 மில்லிகிராம்தான், கிலோவுக்கு எட்டுகூட இல்லை. காய்ச்சல் அசையாது. “டாக்டர் சரியில்லை” என்று பாட்டி ஸ்பூனை எடுப்பார். மறுநாள் யாரோ 250 பாட்டில் வாங்கி வருவார்கள், கை அதே ஸ்பூனுக்குப் போகும். சில கம்பெனிகள் 120 என்றும் போடுகின்றன. 125-க்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, கவலை வேண்டாம். கவனிக்க வேண்டியது 250-ஆ, அதில் பாதியா என்பதைத்தான். கடைக்காரர் பாட்டிலை மாற்றினால் “எம்.எல். மாறுமா?” என்று கேட்டு, சீட்டிலேயே புது அளவை எழுதி வாங்குங்கள். கேட்டால் கோபப்படுகிற கடை உங்களுக்கு வேண்டாம்.

கைக்குழந்தைக்கு வாங்கிய சொட்டு மருந்து பாட்டில் வீட்டில் மிச்சம் இருந்தால் அதையும் தேடி எடுத்துவிடுங்கள். அதில் ஒரு எம்.எல்லுக்கே 100 மில்லிகிராம் இருக்கும், 250 சிரப்பைப் போல இரண்டு மடங்கு கெட்டி. சின்ன பாட்டில், குழந்தை மருந்து, அதனால் மென்மையாக இருக்கும் என்று நினைத்து ஸ்பூனில் ஊற்றினால் ஐந்து எம்.எல்லில் 500 மில்லிகிராம், ஒரு பெரியவரின் மாத்திரை.

ஒன்றைக் கேட்கவே மறந்திருப்பேன், அம்மிச்சியே சொன்னார். சளிக்கு என்று இன்னொரு சிரப்பும் வீட்டில் இருந்ததாம், அதையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்றார். சளி சிரப்புகள் பலவற்றில் பாரசிட்டமாலும் கலந்திருக்கும். இரண்டையும் கொடுத்தால் ஒரே மருந்து இரண்டு பாட்டிலிலிருந்து போகும். சளி மருந்துகளில் வழக்கமாகச் சேர்க்கும் குளோர்பெனிரமின், பினைலெப்ரின் இரண்டும் கலந்ததை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே சொல்லிவிட்டது. டாக்டர் எழுதாமல் அந்தப் பாட்டிலைத் தொடவே வேண்டாம்.

அம்மிச்சிக்கு நான் செய்து கொடுத்ததை உங்கள் வீட்டிலும் செய்யலாம். ஐந்து எம்.எல். சிரிஞ்ச், ஊசி இல்லாமல், கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அழியாத பேனாவால் மூன்றரைக் கோட்டில் தடித்து ஒரு வளையம் போட்டேன். பழைய 125 பாட்டிலை அவர் கண் முன்னாலேயே தனியாக எடுத்து வைத்தேன். புதிய பாட்டிலில் ஒரு பிளாஸ்திரி ஒட்டி, திறந்த தேதியை எழுதினேன். மருந்து எடுக்கும் முன் பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும் என்றேன். குழந்தைகளுக்கான பாரசிட்டமால் சிரப்புகள் பல கரைசல் அல்ல, மருந்துத் தூள் மிதக்கிற குழம்பு. குலுக்காமல் எடுத்தால் முதல் சில வேளை வெறும் இனிப்புத் தண்ணீர் போகும், அடியில் வரும்போது கெட்டி மருந்து போகும்.

தண்ணீரை வைத்து அவரையே செய்யச் சொன்னேன். முதல் தடவை உறிஞ்சியதில் பாதி காற்று. சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்து, மெல்லத் தட்டி, காற்றை வெளியே தள்ளி, திரும்ப வளையம் வரை இழுக்கச் சொன்னேன். இரண்டாம் தடவை சரியாக நிறுத்தினார். கருப்பு ரப்பரின் மேல் விளிம்பு வளையத்தில் நிற்க வேண்டும், கீழ் விளிம்பு அல்ல. பையனின் கன்னத்துக்குள் ஓரமாக வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளச் சொன்னேன். தொண்டைக்கு நேராகப் பீய்ச்சினால் புரை ஏறும்.

கொடுத்த நேரத்தை எழுதுவதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். காலண்டர் தாளில் மணியை எழுதுவதாகச் சொன்னார். மகள் சாயங்காலம் வந்து பார்ப்பாள், அவள் ராத்திரி கொடுத்ததையும் அதிலேயே எழுதுவாள். ஒரே பிள்ளைக்கு இரண்டு பேர் மருந்து கொடுக்கிற வீட்டில் இதுதான் முக்கியம். “நீ கொடுத்தியா” என்று கேட்டால் “கொடுத்தேன்னு நெனைக்கறேன்” என்று பதில் வரும் வீடுகளில் ஒரு வேளை இரண்டு வேளையாகிவிடும்.

கிளம்பும்போது, “அந்தக் காலத்துல கவருமெண்ட் ஆஸ்பத்திரிக்கு நம்ம பாட்டிலைக் கொண்டு போனா மிக்சர் ஊத்திக் கொடுப்பாங்க. பக்கத்துல காயிதத்தைப் பல்லுப் பல்லா வெட்டி ஒட்டியிருப்பாங்க, ஒரு வேளைக்கு ஒரு பல்லு. அது நல்லா இருந்துச்சு” என்றார். உண்மைதான், அதில் ஸ்பூனுக்கே வேலை இல்லை. சிரிஞ்சில் போட்ட வளையமும் அந்த வெட்டுக் காகிதத்தின் வேலையைத்தான் செய்கிறது என்றேன். ஒப்புக்கொண்டார்.

உங்கள் அம்மாவிடம் “உனக்குத் தெரியாது” என்ற பேச்சே வேண்டாம். 125 பாட்டில் ஒன்றும் 250 பாட்டில் ஒன்றும் கிடைத்தால் பக்கத்தில் வைத்து எண்ணை மட்டும் காட்டுங்கள். அப்புறம் வீட்டு ஸ்பூனில் தண்ணீரை ஊற்றி சிரிஞ்சில் உறிஞ்சிக் காட்டுங்கள். உங்கள் மகனின் எடையை இன்றைக்கே பார்த்துவிடுங்கள், சீட்டில் டாக்டர் எழுதிய எடையோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். மூன்றரை என்பது நான் சொன்ன பையனின் எடைக்கு, 250 பாட்டிலுக்குப் பொருந்திய கணக்கு. உங்கள் பிள்ளைக்கும் அதே எண் வந்திருந்தால் எடையும் பாட்டிலும் அதற்கு ஒத்துவருகிறதா என்று பார்ப்பது நல்லது.

இரண்டாவது கேள்விக்கு: வேண்டாம். ‘தேவைப்பட்டால்’ என்று எழுதியிருப்பதன் அர்த்தம் அதுதான். நிம்மதியாகத் தூங்குகிற பிள்ளையைப் பாரசிட்டமாலுக்காக எழுப்ப வேண்டியதில்லை, உடம்பு சுட்டாலும்கூட. ஆன்டிபயாடிக்குக்கு இது பொருந்தாது, அதை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். காய்ச்சல் மருந்து கொடுத்து பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் அப்படியே வாந்தி எடுத்துவிட்டால் அதே அளவை இன்னொரு தடவை கொடுக்கலாம். அரை மணி நேரம் தாண்டிவிட்டால் திரும்பக் கொடுக்காமல் அடுத்த வேளைக்குக் காத்திருங்கள். ஆனால் எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால், வலிப்பு வந்தால், ஏழெட்டு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாவிட்டால், மூச்சு வாங்கினால், மருந்துக்குக் காத்திருக்காமல் ராத்திரியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். மூன்று நாள் தாண்டியும் காய்ச்சல் இருந்தால் டாக்டரைத் திரும்பப் பாருங்கள், கடைக்கு வந்து இன்னொரு பாட்டில் கேட்காதீர்கள்.